அனுப்பிய மடலும் வந்து சேராத மடலும்



வகுப்பறைகளில் நாம் அடிக்கடி கேட்கும் உரையாடல் ஒன்று உண்டு. "கட்டுரையை நேற்றிரவே அனுப்பிவிட்டேன் ஐயா" என்பார் மாணவர். "எனக்கு வரவில்லையே" என்பார் ஆசிரியர். இருவருள் ஒருவர் பொய் சொல்கிறார் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இருவருமே மெய் சொல்லியிருக்கக்கூடும். எவ்வாறு என்பதை அறிய, அக்கட்டுரை கைத்தொலைபேசியிலிருந்து புறப்பட்டுச் சேவையகத்தை அடையும் வழியில் நாமும் உடன் நடந்து பார்ப்போம். சேவையகம் என்பது, பலர் அனுப்புவதைப் பெற்றுச் சேமித்து, கேட்போர்க்கு எடுத்து வழங்கும் கணினி.

மாணவரின் கட்டுரை 'வணக்கம்' என்னும் சொல்லோடு தொடங்குகிறது எனக் கொள்வோம். இலக்கணப்படி அதில் ஐந்து எழுத்துகள் உள்ளன. ஒருங்குறி முறையோ அதனை ஏழு குறிகளாகக் கொள்கிறது. மெய்யெழுத்தின் புள்ளியை அது தனிக்குறியாக எண்ணுவதே காரணம். ஒவ்வொரு தமிழ்க்குறியும் மூன்று எண்களாக மாற்றப்படுகிறது. 'வ' என்பது 224, 174, 181 என்றாகிறது. இத்தகைய எண் ஒவ்வொன்றையும் 'பைட்டு' என்பர். ஆகவே 'வணக்கம்' 21 பைட்டுகள். இடைவெளிகளைக் கணக்கில் கொள்ளாவிடில், 2000 குறிகள் கொண்ட கட்டுரை 6000 பைட்டுகளாகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டே போதும். இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

அடுத்து முகவரி வேண்டும். நாம் அறிந்திருப்பது தளத்தின் பெயரை மட்டுமே. இணையம் அறிந்திருப்பதோ 192.0.2.25 போன்ற எண் முகவரியை. எனவே கைத்தொலைபேசி முதலில் பெயர்களுக்குரிய எண்களைத் தரும் வேறொரு கணினியைக் கேட்டு முகவரியைப் பெறுகிறது. பின்னர், வழியில் பிறர் படிக்க இயலாதவாறு கட்டுரை மறையாக்கம் செய்யப்படுகிறது. அதன் பிறகே அது துண்டுகளாக வெட்டப்படுகிறது.

ஏன் வெட்ட வேண்டும்? இணையத்தின் பெரும்பாலான வழிகளில் ஒரு பொதி 1500 பைட்டுகளுக்கு மேல் இருக்கலாகாது. முகவரி முதலான குறிப்புகளுக்கும் அதில் இடம் வேண்டும். பொதிக்கு 1400 பைட்டுகள் என்று கொண்டால், நம் கட்டுரை ஐந்து பொதிகளாகும். ஒவ்வொரு பொதியின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, அதில் உள்ள பகுதி எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்னும் எண் ஆகியவை எழுதப்படுகின்றன.

ஐந்து பொதிகளும் வானொலி அலையாக அருகிலுள்ள அலைக்கோபுரத்தை அடைகின்றன. அங்கிருந்து கண்ணாடி இழை வழியே ஒளியாகச் செல்கின்றன. வழியில் திசைவி எனப்படும் கருவிகள் பல உள்ளன. ஒரு திசைவிக்கு முழுப் பாதையும் தெரியாது. முகவரியைப் பார்த்து, 'இதனை அடுத்து எங்கே தள்ளுவது' என்று மட்டுமே அது முடிவு செய்கிறது. ஒரே நேரத்தில் பொதிகள் மிகுதியாக வந்து, காத்திருக்க இடமின்றிப் போனால், எஞ்சியவற்றை அது போட்டுவிடும். பெரும்பாலும் அனுப்பியவருக்குச் சொல்வதும் இல்லை.

அவ்வாறாயின் கட்டுரை முழுமையாகச் சேர்வது எப்படி? 1974ஆம் ஆண்டு விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் வெளியிட்ட திட்டம் இதற்கு விடை தந்தது. தொலைந்ததைக் கண்டறிந்து மீட்கும் பொறுப்பை வழியில் உள்ளவர்களிடம் விடாமல் இரு முனைகளிடமும் ஒப்படைத்தார்கள். நம் கட்டுரையின் மூன்றாம் பொதி வழியில் தொலைந்தது என்று வைத்துக்கொள்வோம். முதலிரு பொதிகளைப் பெற்ற சேவையகம், '2801ஆம் பைட்டை எதிர்பார்க்கிறேன்' என்று பதில் அனுப்பும். நான்காம் பொதியும் ஐந்தாம் பொதியும் வந்த பின்னரும் '2801' என்றே சொல்லும். ஒப்புகை வரும்வரை கைத்தொலைபேசி படியை அழிப்பதில்லை. ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தாலோ, குறித்த நேரத்துக்குள் உரிய பதில் வராவிட்டாலோ, மூன்றாம் பொதியை அது மீண்டும் அனுப்பும்.

இனி நாம் நினைவில் வைத்த வேறுபாட்டிற்கு வருவோம். சேவையகம் பொதிகளை வரிசைப்படுத்தி, மறையை நீக்கி, பைட்டுகளை அங்குள்ள நிரலிடம் கொடுக்கிறது. அந்நிரல் ஒரு முறைக்கு 4096 பைட்டுகளாக எடுத்துக்கொள்கிறது எனில், 1365 குறிகளுக்கு 4095 பைட்டுகள் போக, அடுத்த குறியின் முதல் பைட்டு மட்டும் அப்பிடிக்குள் அகப்படும். நன்கு எழுதப்பட்ட நிரல், அதன் எஞ்சிய இரு பைட்டுகளும் வரும்வரை காத்திருக்கும். கவனமின்றி எழுதப்பட்ட நிரலோ ஒவ்வொரு பிடியையும் தனித்தனியே எழுத்தாக்க முயலும். அப்போது அவ்விடத்தில் மட்டும் எழுத்துக்குப் பதிலாக � என்னும் குறி தோன்றும். ஆங்கிலக் கட்டுரையை மட்டும் வைத்துச் சோதித்தால் இப்பிழை வெளிப்படாது. ஒற்றைப் பைட்டை நடுவில் வெட்ட இயலாதல்லவா? கட்டுரை முழுவதுமே à®µ என்பது போலத் தோன்றினால் காரணம் வேறு. பைட்டுகள் நலமாகவே வந்துள்ளன; அவற்றைப் படிக்கும் முறைதான் தவறு. எனவே முன்னதில் மூலப்படியைத் தேட வேண்டும். பின்னதில் படிக்கும் முறையை மாற்றினாலே போதும்.

இப்போது முதலில் கண்ட வழக்கிற்குத் தீர்ப்புச் சொல்லலாம். பொதிகளுக்கான ஒப்புகை, 'பைட்டுகள் இந்தக் கணினியை வந்தடைந்தன' என்று மட்டுமே கூறுகிறது. நிரல் அவற்றைச் சேமித்துவிட்டது என்று கூறுவதில்லை. கணினி பெற்ற பின்னர், நிரல் சேமிக்கும் முன்னரே அது நின்றுபோகலாம். ஆகவே நன்கு அமைந்த செயலி, சேமித்த பின்னர் நிரலே அனுப்பும் தனிப் பதிலுக்காகக் காத்திருந்து, அது வந்த பின்னரே 'சேர்ந்தது' என்று காட்டும். அனுப்பும் பொத்தானை அழுத்திய உடனேயே 'அனுப்பப்பட்டது' என்று காட்டும் செயலியை நம்பிய மாணவர் மெய்யே சொன்னார். தளத்தைத் திறந்து பார்த்துக் கட்டுரையைக் காணாத ஆசிரியரும் மெய்யே சொன்னார்.

இதன் மறுபக்கமும் உண்டு. கட்டுரை சேமிக்கப்பட்டு, அதற்கான பதில் மட்டும் வழியில் தொலையலாம். மாணவர் சேரவில்லை என்று எண்ணி மீண்டும் அனுப்புவார். ஆசிரியருக்கு இரு படிகள் கிடைக்கும். இதனைத் தவிர்க்கவே சில செயலிகள் ஒவ்வொரு மடலுக்கும் தனியெண் இடுகின்றன. அதே எண் மறுபடி வந்தால் சேவையகம் இரண்டாவதை ஒதுக்கிவிடும்.

ஆதலின் மாணவர்களே, கட்டுரையை அனுப்பிய பின் தளத்தை மூடி, மீண்டும் திறந்து, கட்டுரை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். அப்போது நீங்கள் காண்பது சேவையகத்திலிருந்து திரும்பி வந்த படி. ஆசிரியர்களே, 'அனுப்பினேன்' என்று சொல்லும் மாணவரிடம், திரையில் எந்தச் சொல்லைக் கண்டார் என்று முதலில் கேளுங்கள். 'அனுப்பப்பட்டது' என்பதற்கும் 'சேர்ந்தது' என்பதற்கும் இடையே நாம் இன்று நடந்து வந்த வழி முழுவதும் கிடக்கிறது.