லாபம் உள்ள வேலையிலும் கையில் காசு தீர்வது ஏன்? சிறு குத்தகையாளர்களுக்கு ஒரு கணக்கு

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் வட்டாரங்களில் தோட்டக் குடியிருப்புகளைப் பழுதுபார்ப்பது, கூரை மாற்றுவது, மண்டபம் கட்டுவது போன்ற வேலைகளை எடுத்துச் செய்யும் நம்மவர்கள் பலர். இத்தகைய வேலைகளுக்குப் பணம் ஒரே தடவையில் வராது, கட்டம் கட்டமாகத்தான் வரும். லாபம் நிச்சயம் என்று எடுத்த வேலையே பாதியில் நின்றுபோவதற்கு, பெரும்பாலும் அந்தக் கட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு குத்தகையாளர் தோட்டக் குடியிருப்புகளின் கூரையை மாற்றும் வேலையை 120,000 ரிங்கிட்டுக்கு எடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். வேலை 4 மாதம் நடக்கும். மாதம் 30,000 ரிங்கிட் மதிப்புள்ள வேலை முடியும். அதற்குச் சம்பளம் 9,500, சாமான் 16,000 என 25,500 ரிங்கிட் செலவாகும். மொத்த லாபம் 18,000 ரிங்கிட்.

மாதக் கடைசியில் கிளேம் அனுப்பினால் 30 நாள் கழித்துப் பணம் வரும். அதிலும் 10 விழுக்காடு பிடித்தத் தொகையாக நிறுத்தி வைக்கப்படும். ஒப்பந்த மதிப்பில் 5 விழுக்காடு, அதாவது 6,000 ரிங்கிட் சேர்ந்ததும் பிடித்தம் நின்றுவிடும்.

இப்போது மாதவாரியாகக் கணக்கிடுவோம். முதல் மாதம் 25,500 ரிங்கிட் செலவு, வரவு எதுவும் இல்லை. இரண்டாம் மாதம் இன்னொரு 25,500 போகிறது. அந்த மாதக் கடைசியில்தான் முதல் கிளேம் பணம் 27,000 ரிங்கிட் வரும். அது வருவதற்கு முந்தைய நாள் குத்தகையாளர் தன் கைப்பணத்தில் 51,000 ரிங்கிட் போட்டிருப்பார். 18,000 லாபம் பார்க்க 51,000 தேவை! 30,000 ரிங்கிட்டோடு தொடங்கியவரிடம் இரண்டாம் மாதத் தொடக்கத்தில் 4,500தான் மிஞ்சும். அது ஒரு வாரத்துக்குக்கூடத் தாங்காது. பணம் இன்னும் ஒரு மாதம் தாமதமானால் தேவை 76,500 ஆகிவிடும்.

இதில் சம்பளத்தைத் தள்ளிப்போட முடியாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் ஊதியம் கொடுத்தாக வேண்டும். எனவே மாற்றக்கூடியவை இரண்டுதான்: சாமான் பணம் எப்போது போகிறது, முதல் பணம் எப்போது வருகிறது.

ஹார்ட்வேர் கடையில் 30 நாள் கடன் தவணை கிடைத்தால், முதல் மாதம் சம்பளம் 9,500 மட்டுமே வெளியே போகும். உச்சத் தேவை 51,000லிருந்து 35,000க்குக் குறையும். அதோடு 12,000 ரிங்கிட் முன்பணம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கிளேமிலும் 3,000 கழித்துக்கொள்ளச் சொன்னால், எந்த மாதமும் கைப்பணம் 26,000க்கு மேல் போகாது. 30,000 வைத்திருப்பவர் இந்த வேலையைச் செய்து முடிக்கலாம். ஆனால் மிச்சம் 4,000தான். ஒரு கிளேம் தாமதமானாலே அது போதாது. ஆகவே, இந்தப் பேச்சையெல்லாம் கையெழுத்துப் போடும் முன்பே பேசி முடிக்க வேண்டும்.

பிடித்தத் தொகையைச் செலவுக்கான பணமாக எண்ணக் கூடாது. பொதுவாக அதில் பாதி வேலை முடிந்ததும், மீதி குறைபாடு திருத்தும் காலம் முடிந்த பிறகும்தான் கிடைக்கும்.

அடுத்த வேலைக்கு வாங்கிய முன்பணத்தில் இந்த வேலைக்குச் சாமான் வாங்கத் தொடங்கினால், பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள். வங்கியில் பணம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அது இன்னொருவர் வீட்டுக் கூரைக்கான பணம்.

மேல் குத்தகையாளர், "எனக்குப் பணம் வந்தால்தான் உனக்கு" என்று சொன்னால் என்ன செய்வது? 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ள 2012ஆம் ஆண்டு கட்டுமானத் தொழில் கட்டணம், தீர்ப்புச் சட்டத்தின்படி, அத்தகைய நிபந்தனை செல்லாது. ஒப்பந்தத்தில் தவணை பற்றி எதுவும் இல்லையென்றால், மாதந்தோறும் கிளேம் அனுப்பலாம். பில் கிடைத்த 30 நாட்களில் பணம் தர வேண்டும். தராவிட்டால் எழுத்து மூலம் கோரிக்கை அனுப்பலாம். எதிர்த்தரப்பு பதில் தர 10 வேலை நாட்கள் உண்டு. அதன் பிறகு நடுவரிடம் போகலாம்.

ஆனால் இச்சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்துக்கே பொருந்தும். சொந்தமாகக் குடியிருக்க நான்கு மாடிக்குக் குறைவான வீடு கட்டும் தனிநபரிடம் இதைக் காட்ட முடியாது. நடுவர் தீர்ப்பு வரவும் மாதங்கள் ஆகலாம். இந்த வாரச் சம்பளத்துக்கு அது உதவாது.

ஆகவே விலை குறிக்கும்போதே ஒரு தாளில் மாதவாரியாகச் செலவையும் வரவையும் எழுதிப் பாருங்கள். வரவை மட்டும் ஒரு மாதம் தள்ளி இன்னொரு முறை எழுதுங்கள். அதில் வரும் மிகப் பெரிய பள்ளம் உங்கள் கைப்பணத்தைவிட ஆழமாக இருந்தால், விலை நன்றாக இருந்தாலும் தவணையை மாற்றாமல் அந்த வேலையை ஏற்க வேண்டாம்.