உங்களுக்குத் தெரியுமா? தளர்ந்த உடைக்கும் கணக்கு உண்டு

கை கால் மூடி, உடம்பை இறுக்கிப் பிடிக்காமல் தைக்கும் நவீன உடைகளை ‘மாடஸ்ட் ஃபேஷன்’ என்கிறார்கள். ‘தொளதொளவென்று தைத்தால் போதுமே, இதில் டிசைனுக்கு என்ன வேலை?’ என்று கேட்பவர்கள் இவற்றைப் படிக்கலாம்.

● மலேசியாவில் பள்ளி மாணவிகளின் சீருடைகளில் ஒன்று பாஜு கூரோங். மலாய்ப் பெண்களோடு அங்குள்ள தமிழ் ஆசிரியைகள் பலரும் உடுத்தும் உடை இது. முழங்காலை நெருங்கும் தளர்வான மேலாடையும் கணுக்கால் வரை நீண்ட பாவாடையும் சேர்ந்தது. மரபான வெட்டில் இதற்கு டார்ட் கிடையாது, இடுப்பு வளைவும் கிடையாது. உடலுக்கு நேர் துணி. அதன் இரு பக்கமும் அக்குளிலிருந்து கீழ்விளிம்பு வரை இறங்கும் ‘கெக்கெக்’ என்ற பக்கத் துண்டு மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருக்கும். கையும் கெக்கெக்கும் சேரும் மூலையில் ‘பெசாக்’ என்று ஒரு சின்னத் துண்டு வைப்பார்கள்.

பார்வைக்கே படாத அந்தச் சின்னத் துண்டில்தான் விஷயம் இருக்கிறது. கையைத் தூக்கும்போது இடுப்பிலிருந்து முழங்கை வரையுள்ள பக்க நீளம் கூடும். அந்த நீளத்துக்குத் துணி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பெசாக் இருந்தால் அது விரிந்து கொடுக்கும். இல்லாவிட்டால் கீழ்விளிம்பு மேலே ஏறும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தாலே மேலாடையும் கூடவே ஏறிவிடும். இடுப்பைப் பிடித்துத் தைக்கும் ‘கூரோங் மோடன்’ வகைகள் பலவற்றில் இந்தத் துண்டைக் கைவிட்டுவிட்டார்கள். வடிவம் அழகுதான், ஆனால் கரும்பலகையில் எழுதும் ஆசிரியைக்குப் பழைய வெட்டே சௌகரியம்.

● அக்குள் இறுக்குகிறது என்றால் நம் ஊரில் உடனே ‘ஆர்ம் ஹோலை இறக்கிவிடுங்கள்’ என்போம். நடப்பது நேர் எதிர். ஆர்ம் ஹோல் கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது உடை முழுவதும் கூடவே ஏறும். தளர்ச்சியும் வேண்டும், கையும் தாராளமாக அசைய வேண்டும் என்றால் இரண்டே வழி. ஆர்ம் ஹோலை அக்குளுக்கு நெருக்கமாக வைத்துக் கையை அகலமாக வெட்டலாம்; அல்லது பெசாக் மாதிரி ஒரு துண்டு வைக்கலாம்.

● நீளம் மேலே ஏறும் தொல்லை தண்ணீரில் இன்னும் மோசம். 2004இல் சிட்னியைச் சேர்ந்த அஹெடா ஸனெட்டி வடிவமைத்த புர்கினி நீச்சலுடை, நீண்ட மேலாடையும் கால்சட்டையும் கொண்டது. மேலாடை மிதந்து எழும்பாமல் இருக்க, அதை உள்ளிருந்து கால்சட்டையோடு இணைத்துக்கொள்ளும் ஏற்பாடு இத்தகைய நீச்சலுடைகள் பலவற்றில் உண்டு.

● அடுக்கடுக்காக உடுத்துவதில் பலரும் தவறுவது தோளில். உள்ளே முழுக்கை டீ-ஷர்ட், அதன்மேல் கவுன், அதற்கும் மேல் கை வைத்த கோட் என்று போட்டால் மூன்று தையல்கள் ஒரே தோள்முனையில் குவியும். தோள் தடித்துத் தெரியும். தேர்ந்த வடிவமைப்பாளர்கள் கையை ஓர் அடுக்குக்கு மட்டுமே கொடுப்பார்கள். உடம்போடு ஒட்டும் மெல்லிய பின்னல் துணியில் முழுக்கை, நடு அடுக்கில் கையில்லாத கவுன், மேலே கையில்லாத நீண்ட வெய்ஸ்ட்கோட். மேலடுக்குக்கும் கை வேண்டுமென்றால், தோள்முனையில் தையலே வராத கிமோனோ வெட்டு.

நீளத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. மேலடுக்கு உள்ளடுக்கைவிட இரண்டு அங்குலம் மட்டும் குட்டையாக இருந்தால், துணி சுருங்கிவிட்டது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். ஒரு சாணாவது வித்தியாசம் இருந்தால்தான் தெரிந்தே செய்தது என்று தெரியும்.

அதே மூன்று உருப்படிகளில் எத்தனை தோற்றம் பாருங்கள். உள்ளே எல்லாம் ஒரே நிறம், வெய்ஸ்ட்கோட் மட்டும் வேறு நிறம் என்று திறந்து போட்டால், நடுவில் கழுத்திலிருந்து கால் வரை ஒரு நீளப் பட்டை தெரியும். ஆள் உயரமாகத் தோன்றுவார். பெல்ட்டைக் கவுன்மேல் கட்டி வெய்ஸ்ட்கோட்டைத் தளர விட்டால், முன்னால் மட்டும் இடுப்புக்கோடு தெரியும், பின்னால் உடல் வடிவே தெரியாது. பெல்ட்டை எல்லாவற்றுக்கும் மேலே கட்டினால் வேலைக்குப் போகும் மிடுக்கு வந்துவிடும்.

● ஷிஃபான் கவுனுக்குள் லைனிங் போட்டும் நிழல் தெரிகிறதா? வெளிச்சம் முன்னாலிருந்து விழும் ட்ரையல் ரூமில் அது தெரியாது. உடைக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள்; வெயிலில் நிற்கும்போது எப்படி இருக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஷிஃபானும் லைனிங்கும் இரண்டுமே பாலியஸ்டர் என்றால் வறண்ட நாளில் காலோடு ஒட்டிக்கொள்ளும். அத்தனை தளர்வாகத் தைத்தது வீண். லைனிங் மட்டும் பருத்தியாகவோ விஸ்கோஸாகவோ இருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

● ஜப்பானின் யூனிக்லோ நிறுவனம் 2015இல் ஹானா தாஜிமா என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து மாடஸ்ட் ஃபேஷன் உடைகளைத் தென்கிழக்கு ஆசியக் கடைகளில் வைத்தது. 2018இல் சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகம் சமகால முஸ்லிம் உடைகளுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது.

● கணுக்கால் வரை நீண்ட நேர்ப் பாவாடையில் எட்டி நடக்க முடியாது. ஓபன் வைத்தால் கால் தெரியும். இதற்கு விடை, ஓபனுக்குப் பின்னால் அதே துணியில் ஒரு மடிப்பை ஒளித்து வைப்பது. நிற்கும்போது மூடியிருக்கும், அடி வைத்தால் விரியும்.

● அம்ப்ரெல்லா கட் என்றாலே முழு வட்டம்தான் என்று நினைக்கிறோம். இடுப்பு 28 அங்குலம், நீளம் 38 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். முழு வட்டமாக வெட்டினால் கீழ்விளிம்பின் சுற்றளவு சுமார் 267 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் நாலே கால் மீட்டருக்கு மேல் வேண்டும். அரை வட்டமென்றால் சுற்றளவு சுமார் 147 அங்குலம்தான். 58 அங்குல அகலத் துணி இரண்டரை மீட்டருக்குள் முடிந்துவிடும். நடக்க அந்த 147 அங்குலமே தாராளம். முழு வட்டம் காற்றடித்தால் குடைபோலவே எழும்பும் என்பதால், மூடி உடுத்த விரும்புகிறவர்களுக்கு அரை வட்டமே நல்லது என்பேன். துணியும் ஜார்ஜெட், கிரேப் மாதிரி விழுகிற ரகமாக இருக்க வேண்டும். விறைப்பான காட்டனில் அரை வட்டம்கூடக் கூம்பு மாதிரி நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. வட்டமாக வெட்டிய பாவாடையில் சில இடங்களில் இழை நேராகவும் சில இடங்களில் சாய்வாகவும் தொங்கும். சாய்வாகத் தொங்கும் இடம் தன் எடையிலேயே இழுபட்டு நீளும். தைத்த அன்று சமமாக இருந்த விளிம்பு ஒரு வாரத்தில் நாலு மூலை இறங்கி நிற்பது இதனால்தான். இடுப்புப் பட்டியைத் தைத்ததும் ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் தொங்கவிட வேண்டும். பிறகு வழக்கமாகப் போடும் செருப்போடு உடுத்தி நின்று, இடுப்பிலிருந்து அளக்காமல் தரையிலிருந்து அளந்து விளிம்பை வெட்ட வேண்டும். ‘இன்று சாயங்காலமே தந்துவிடுகிறேன்’ என்று டெய்லர் சொன்னால், அம்ப்ரெல்லா கட் மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.