மாதவிலக்கு நாட்களில் வயிற்றுப்போக்கு ஏன்?

மாதவிலக்கு தொடங்கிய அன்றே அடிவயிறு பிசைவதோடு நான்கைந்து முறை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறதா, சகோதரிகளே? 'முந்திய நாள் உண்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று எண்ணியிருப்பீர்கள். அடுத்த மாதம் அதே நாளில் அதே தொல்லை வந்திருக்கும். அப்போது பழி வேறொரு உணவின் மேல் விழுந்திருக்கும். மாதவிலக்கோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தாலும், வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

காரணம் கருப்பையில் இருக்கிறது. சினைமுட்டை வெளிப்பட்ட பிறகு புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் உடலில் மிகுகிறது. இது குடலின் அசைவையும் சற்று மந்தமாக்கக் கூடியது. மாதவிலக்கிற்கு முந்திய வாரத்தில் பலருக்கு வயிறு உப்புவதும் மலம் இறுகுவதும் இதனாலேயே என்று கருதப்படுகிறது. கரு தங்காவிடில் இந்த ஹார்மோன் சட்டென்று குறைகிறது. உடனே கருப்பையின் உட்சவ்வு புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கிறது. உதிரத்தை வெளியேற்றுவதற்காகக் கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்வது இப்பொருளே. அந்தச் சுருக்கமே நாம் உணரும் வலி.

ஆனால், சுரந்த பொருள் கருப்பையோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தில் கலந்து குடலையும் எட்டுகிறது. குடற்சுவரிலும் அதே வகைத் தசைதான் இருக்கிறது. ஆகவே அதுவும் சுருங்கி, உள்ளிருப்பதை விரைந்து தள்ளுகிறது. குடலுக்குள் நீரும் கூடுதலாகச் சுரக்கிறது. மலம் இளகிப் போவதன் இரகசியம் இதுதான். பிரசவ வலியைத் தூண்ட இவ்வகை மருந்துகளைக் கொடுக்கும்போதும் சிலருக்கு வயிற்றுப்போக்கு ஏற்படுவது மருத்துவர்கள் அறிந்த செய்தி. (1935இல் இப்பொருள் ஆணின் புரோஸ்டேட் சுரப்பியில் உண்டாவதாக எண்ணி இப்பெயரை வைத்தார்கள். உடலின் பெரும்பாலான பாகங்களில் அது உண்டாகிறது என்பது பின்னர் தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.)

உங்கள் தொல்லையும் இந்த வகைதானா என்று அறிய ஒரு குறிப்பேடு போதும். 24 வயதுப் பெண் ஒருவர் மூன்று மாதங்கள் குறித்து வைத்ததாகக் கொள்வோம். விலக்கு தொடங்கியது ஜனவரி 5, பிப்ரவரி 2, மார்ச் 2 ஆகிய நாட்களில். ஒவ்வொரு முறையும் அதற்கு மூன்று நாட்களுக்கு முன்பு மலச்சிக்கல். முதல் நாள் நான்கு முறை இளகிய மலம். இரண்டாம் நாள் இரண்டு முறை. மூன்றாம் நாள் வழக்கம்போல். மீன் உண்டது ஒரே ஒரு மாதத்தில்தான். இப்படி நாளோடு ஒட்டி வந்து, நாளோடு மறைந்தால் அது கிருமியின் வேலையன்று. கடையில் 'பேதி மாத்திரை' என்று கேட்டு வாங்கும் கிருமிக்கொல்லி மருந்து இதற்கு எந்தப் பயனும் தராது.

பயன் தருவது, புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கும் வலி மாத்திரை. வலி முற்றிய பின் விழுங்குவதைவிட, உதிரம் கண்டவுடனே தொடங்குவது மேல். சுரந்துவிட்டதை மாத்திரை அழிப்பதில்லை, இனிச் சுரப்பதைத்தான் தடுக்கிறது. மருத்துவர்கள் வழக்கமாக ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராம், உணவுக்குப் பின், நாளுக்கு மூன்று வேளைக்கு மிகாமல், இரண்டு மூன்று நாட்களுக்கு எழுதுவார்கள். மாதவிலக்கு வலிக்கு நம் நாட்டில் பெரிதும் விற்கும் மெஃபெனமிக் அமிலமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆனால், அதற்கே வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குணம் உண்டு! அதை உண்ட பிறகு போக்கு கூடினால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். குடற்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா உள்ளவர்களும், கருவுற்றிருக்கக்கூடும் என்று ஐயம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது. நீர் மிகவும் போய் உடல் வறண்ட நிலையில் உண்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஆகவே முதலில் உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் கலந்து விற்கும் பொட்டல நீர்க்கரைசலைப் பருகுங்கள். அந்த இரண்டு நாட்களில் காப்பியைக் குறைப்பது நல்லது. அதுவும் குடலை முடுக்கும். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பது வலியைத் தணிக்கும்.

எல்லாவற்றையும் மாதவிலக்கின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. மலம் கழிக்கும்போதே கடும் வலி, ஆண்டுக்கு ஆண்டு கூடிவரும் வலி, தாம்பத்திய உறவின்போது வலி ஆகியவை இருந்தால், கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு வெளியே குடலருகில் வளர்ந்திருக்கக் கூடும். எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும் இந்நோயைப் பெண்கள் 'எல்லாருக்கும் வரும் வலிதானே' என்று பல ஆண்டுகள் பொறுத்துக்கொள்கிறார்கள். மலத்தோடு வரும் இரத்தத்தை விலக்கு உதிரம் என்று தவறாக எண்ணுவதும் உண்டு. ஐயமிருந்தால் விலக்கு முடிந்த பின்னும் கவனியுங்கள். காய்ச்சல், எடை குறைதல், உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விலக்கு நின்ற பிறகும் நீடிக்கும் போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும், அந்தக் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் செல்லுங்கள்.