புது லேப்டாப்புக்கு முதல் மாதம்

முதலாண்டு மாணவர்கள் கூடியிருந்த கணினி ஆய்வகத்தில் ஆசிரியை முதலில் எடுத்துக் காட்டியது ஒரு பழைய லேப்டாப்பை. மூடி சரியாக மூடவில்லை. விரலால் தடவும் டச்பேட் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. "இதுக்கு என்ன ஆச்சு, யாராவது சொல்லுங்க பார்ப்போம்" என்றார். கீழே விழுந்திருக்கும் என்றார் ஒருவர். தண்ணீர் கொட்டியிருக்கும் என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. உள்ளே இருக்கும் பேட்டரி உப்பி, மேலே இருக்கும் டச்பேட்டைத் தள்ளியிருக்கிறது.

புதிதாக லேப்டாப் வாங்கியவர்களுக்கு அவர் ஆண்டுதோறும் நடத்தும் அரைமணி நேர வகுப்பு இது. திரையைத் துடைப்பது, ஸ்டிக்கர் ஒட்டுவது பற்றியெல்லாம் அவர் பேசுவதில்லை. பேச்சு முழுக்க பேட்டரியையும் சூட்டையும் சுற்றித்தான். லேப்டாப்பில் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்ந்துகொண்டே போகும் பாகம் பேட்டரிதான். அது எவ்வளவு வேகமாகத் தேயும் என்பது பெரும்பாலும் முதல் மாதத்தில் படியும் பழக்கத்தைப் பொறுத்தது.

"மேடம், முதல் தடவை எட்டு மணி நேரம் விடாம சார்ஜ் போடணும்னு கடையில சொன்னாங்களே?" என்று ஒரு மாணவி கேட்டார். ஒவ்வொரு வருடமும் தவறாமல் வரும் கேள்வி இது. அந்த அறிவுரை நிக்கல் பேட்டரிகளின் காலத்தில் உருவானது. இப்போது லேப்டாப்பிலும் செல்போனிலும் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. 1991-லேயே சந்தைக்கு வந்துவிட்டது. நிறைந்ததும் சார்ஜ் ஏறுவதை அதன் சுற்றே நிறுத்திவிடும். எட்டு மணி நேரம் போட்டாலும் கூடுதலாக ஒன்றும் ஏறாது. முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்பதும் அதே பழைய காலத்துப் பேச்சுதான்.

அடுத்து, பேட்டரிக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் எடுத்து வைக்கச் சொன்னார். விண்டோஸ் லேப்டாப்பில் அதற்குத் தனியாக எந்த மென்பொருளும் தேவையில்லை. தேடும் இடத்தில் cmd என்று தட்டி, திறக்கும் கறுப்புப் பெட்டியில் இந்த ஒரு வரியை அடித்தால் போதும்:

```
powercfg /batteryreport
```

அறிக்கை battery-report.html என்ற பெயரில் சேமிக்கப்படும். எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை அந்தப் பெட்டியே காட்டும். பிரவுசரில் திறந்தால் மூன்று வரிகளைப் பார்க்க வேண்டும். DESIGN CAPACITY என்பது தொழிற்சாலையில் நிர்ணயித்த கொள்ளளவு. FULL CHARGE CAPACITY என்பது இன்றைக்கு முழுதாக ஏற்றினால் உண்மையில் பிடிக்கும் அளவு. CYCLE COUNT என்பது இதுவரை எத்தனை முழுச் சுற்று சார்ஜ் செலவாகியிருக்கிறது என்ற கணக்கு. இன்று பாதி, நாளை பாதி என்று செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. சில மாடல்களில் இந்த மூன்றாவது வரி காலியாக இருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

முன்வரிசை மாணவர் ஒருவரின் அறிக்கை திரையில் விரிந்தது. நிர்ணயித்த அளவு 42,000 mWh, இப்போது பிடிப்பது 41,160. வகுத்துப் பார்த்தால் 98 சதவீதம். புது இயந்திரத்துக்கு இது இயல்பான எண். அதே மாடல் வைத்திருந்த பக்கத்து மாணவிக்கு 33,600தான் காட்டியது, அதாவது 80 சதவீதம். சுற்று எண்ணிக்கையோ இரண்டு. வகுப்பில் சலசலப்பு எழுந்தது.

"உடனே கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க" என்றார் ஆசிரியை. இந்த எண் நேரடியாக அளந்தது அல்ல, லேப்டாப் தானாகப் போடும் மதிப்பீடு. சில நேரம் பிசகும். ஒருமுறை நூறு சதவீதம் ஏற்றி, சார்ஜரைக் கழற்றிவிட்டுச் சாதாரணமாக வேலை பார்த்துப் பத்து சதவீதம் வரை இறக்கி, மறுபடி முழுதாக ஏற்றிய பின் அறிக்கையைத் திரும்ப எடுக்க வேண்டும். அப்போதும் 80-லேயே நின்றால் பில்லையும் இரண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். முதல் மாதத்திலேயே காட்டினால் அது தயாரிப்புக் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று வாதாட முடியும். ஒன்றரை வருடம் கழித்துப் போனால் "யூஸ் பண்ணிப் பண்ணித் தேஞ்சிருக்கு" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பேட்டரிக்கான வாரண்டி பல நிறுவனங்களில் ஒரு வருடம்தான். லேப்டாப்புக்கு மூன்று வருடம் என்றிருந்தாலும் அந்த வரியைத் தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

பேட்டரியை வேகமாகத் தின்பவை இரண்டு: முழு சார்ஜில் நெடுநேரம் நிற்பது, சூடு. இரண்டும் சேர்ந்தால் கெடுதல் இன்னும் அதிகம். விடுதி அறையில் மேசையில் வைத்து, நாள் முழுக்க சார்ஜரைக் கழற்றாமல் பயன்படுத்துபவர்களுக்கு நடப்பது இதுதான். அவர்களுக்கு வழி இருக்கிறது. பல நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்போடு தரும் செயலியில், சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு உண்டு. பெரும்பாலும் ஒரே ஒரு பட்டன். வெளியூர் போகும் நாளில் மட்டும் அதை அணைத்துவிட்டு முழுதாக ஏற்றிக்கொள்ளலாம். செமஸ்டர் விடுமுறைக்கு லேப்டாப்பை அறையிலேயே விட்டுப் போவதாக இருந்தால் பாதி சார்ஜில் அணைத்து வைப்பது நல்லது. காலியாக வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தால் பேட்டரி ஏற மறுக்கலாம்.

சூட்டைப் பற்றிச் சொல்லும்போது அவர் லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். வரிசையாகச் சின்னத் துளைகள். பல மாடல்களில் விசிறி குளிர்ந்த காற்றை இழுப்பது இந்த வழியாகத்தான். மெத்தை மேலோ தலையணை மேலோ வைத்தால் துளைகள் அடைபடும். பிராசஸர் நூறு டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறி இரைச்சல் போடுவதும், படம் பார்க்கும்போது திடீரென்று திக்கித் திணறுவதும் அதன் அறிகுறிகள். லேப்டாப் ஸ்லோ என்று குறைபட்டு வந்த பலருக்கு, மேசைக்கு மாற்றியதுமே பிரச்சினை தீர்ந்திருக்கிறது என்றார்.

பைக்குள் நடப்பது பலருக்குத் தெரியாது. மூடியை மூடினால் லேப்டாப் அணைவதில்லை, தூங்கத்தான் செய்கிறது. இன்றைய விண்டோஸ் லேப்டாப்கள் பல அந்த நிலையிலும் இணையத்தோடு தொடர்பில் இருக்கும்; அப்டேட்டுக்காக விழித்து வேலை பார்க்கத் தொடங்குவதும் உண்டு. காற்றே இல்லாத பைக்குள் அப்படி விழித்தால், பஸ்ஸில் ஒரு மணி நேரம் போவதற்குள் அனலாய்க் கொதிக்கும். எடுத்துப் பார்க்கும்போது கைபொறுக்காத சூடும் பாதியாகிவிட்ட சார்ஜும்தான் தடயம். அதனால் பையில் வைக்கும் முன் Shut down கொடுக்க வேண்டும். திறந்த வேலை அப்படியே இருக்க வேண்டுமென்றால் Hibernate. அது மெனுவில் தெரியாவிட்டால் Control Panel-இல் Power Options-க்குள் போய் இயக்கிக்கொள்ளலாம்.

"உப்பினா என்ன மேடம் பண்றது?" என்று கேட்டார் கடைசி வரிசைத் தம்பி. டச்பேட் கிளிக் ஆக மறுப்பது, மேசையில் வைத்தால் ஆடுவது, மூடியில் இடைவெளி விழுவது எல்லாம் ஆரம்ப அடையாளங்கள். பார்த்த உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அமுக்கிப் பார்க்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும். உப்பிய பேட்டரியைக் குத்தினாலோ வளைத்தாலோ தீப்பிடிக்கும்.

வகுப்பு முடியும்போது அனைவரும் அன்றைய அறிக்கையைத் தேதியோடு பெயர் மாற்றி, தங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொண்டார்கள். முப்பது நாள் கழித்து இன்னொன்றை எடுத்து வர வேண்டும். 33,600 காட்டிய மாணவி மட்டும் அன்று மாலையே சார்ஜை இறக்கத் தொடங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.