எது கெட்டி: தேனா, கெட்சப்பா?

தேன், தக்காளி கெட்சப் இரண்டில் எது கெட்டியானது? எவ்வளவு வேகத்தில் கிளறுகிறோம் என்று சொல்லாதவரை இந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

ஆய்வகத்தில் இதை அளப்பதைப் பார்ப்போம். இரண்டு தகடுகளுக்கு நடுவே 1 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேனைப் பரப்பி, மேல் தகட்டை மட்டும் பக்கவாட்டில் நகர்த்துகிறார்கள். விநாடிக்கு 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் ‘சறுக்கு வீதம்’ 1. விநாடிக்கு 100 மில்லிமீட்டர் நகர்ந்தால் 100. தகட்டைத் தள்ளத் தேவைப்படும் விசையிலிருந்து பாகுத்தன்மையைக் கணக்கிடுகிறார்கள். அதன் அலகு பாஸ்கல் விநாடி.

25 டிகிரி செல்சியஸில் ஒரு தேனின் பாகுத்தன்மை சுமார் 10 என்று வைத்துக்கொள்வோம். மெதுவாகத் தள்ளினாலும் 10தான், வேகமாகத் தள்ளினாலும் 10தான். வேகத்தை நூறு மடங்காக்க வேண்டுமானால் விசையையும் நூறு மடங்காக்க வேண்டும். 1687இல் நியூட்டன் முன்வைத்த விதிக்கு இது கட்டுப்படுவதால், தேன் ஒரு நியூட்டானியன் பாய்மம்.

கெட்சப்பின் போக்கு வேறு. அதே வெப்பநிலையில், சறுக்கு வீதம் 1 ஆக இருக்கும்போது அதன் பாகுத்தன்மை ஏறக்குறைய 19, தேனைவிடக் கெட்டி. வீதம் 10 ஆனதும் 3.5க்கு இறங்குகிறது. 100இல் வெறும் 0.65, இப்போது தேனைவிடப் பதினைந்து மடங்கு நீர்த்தது. நூறு மடங்கு வேகத்துக்குச் சுமார் மூன்றரை மடங்கு விசையே போதுமானதாகிவிடுகிறது. வேகம் கூடக்கூட இப்படி இளகுவதைத்தான் ‘சறுக்கு மெலிவு’ என்கிறார்கள்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உள்ளே இருக்கும் பொருள்கள். கெட்சப்பில் தக்காளியின் செல்சுவர்த் துணுக்குகளும் பெக்டின் என்ற நார்ப்பொருளும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. அதனால்தான் பாட்டிலைக் கவிழ்த்தாலும் அது இறங்க மறுக்கிறது. வேகமாக அசைக்கும்போது சிக்கல் பிரிந்து, துணுக்குகள் ஓட்டத்தின் திசையில் வரிசைப்படுகின்றன. தட்டில் விழுந்து நின்றதும் மறுபடி சிக்கிக்கொள்கின்றன. ஆகவே குவியல் பரவி ஓடுவதில்லை.

தேனில் பிரிய அப்படி எந்தச் சிக்கலும் இல்லை. அது பெரும்பாலும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற சிறிய சர்க்கரை மூலக்கூறுகள் கொஞ்சம் நீரில் கரைந்த கரைசல். ஆனால் வெப்பம் ஏறினால் சட்டென்று இளகும். உறைந்து படிகமான தேனும், புரதம் மிகுந்த ஹீதர் பூத் தேனும் விதிவிலக்கு. அவை கிளறினால் இளகும்.

ஆகவே கெட்சப்பை ஒரே ஒரு வேகத்தில் அளந்து தரம் சொல்லும் ஆய்வாளர் ஏமாந்துபோவார். பாட்டிலில் நிற்குமா என்பதை மிகக் குறைந்த வேகத்திலும், ஆலைக்குழாயில் ஓடுமா என்பதை அதிக வேகத்திலும் தனித்தனியே அளந்தாக வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. கெட்சப் வரவில்லையா, மூடியை இறுக்கிவிட்டு நன்றாகக் குலுக்குங்கள். தேன் வரவில்லையா, குலுக்குவதால் பயனில்லை. பாட்டிலைச் சற்று நேரம் வெதுவெதுப்பான நீரில் வையுங்கள்.