யட்டவத்த: ஒரே பெயரில் இரண்டு அலுவலகங்கள்

மாத்தளை மாவட்டத்தின் யட்டவத்தவில் பிரதேச செயலகம் ஒன்றும் பிரதேச சபை ஒன்றும் இருக்கின்றன. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் எந்த வேலைக்கு எங்கே போவது என்று பலரும் குழம்புகிறார்கள். இலங்கையின் நிர்வாகம் இரண்டு வழிகளில் கிராமத்துக்கு வருவதே இதற்குக் காரணம்.

முதல் வழி மத்திய அரசினுடையது. நாட்டில் 25 மாவட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மாவட்டச் செயலாளர் உண்டு. மக்கள் இன்னும் அவரை அரசாங்க அதிபர் என்றும், அவரது அலுவலகத்தைக் கச்சேரி என்றும் சொல்கிறார்கள். மாத்தளை கச்சேரியின் கீழ் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இயங்குகின்றன. அவற்றில் ஒன்று யட்டவத்த. அதற்கும் கீழே கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். இந்த வழியில் உள்ள எவரும் வாக்கால் தெரிவானவர் அல்லர், எல்லோரும் அரச உத்தியோகத்தர்கள். முன்பு கச்சேரியிலேயே குவிந்திருந்த அதிகாரங்கள் பலவற்றைப் பிரதேச செயலாளரிடம் ஒப்படைத்தது 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம்.

இரண்டாவது வழி மக்கள் தெரிவு செய்வது. ஒன்பது மாகாணங்கள் என்ற எண்ணிக்கை 1889இல் சப்ரகமுவ பிரிக்கப்பட்டதோடு வந்தது. ஆனால் மாகாணங்களுக்குத் தெரிவான சபைகள் கிடைத்தது 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகுதான். கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்றும் சேர்ந்தது மத்திய மாகாணம். உள்ளூராட்சி மன்றங்கள் மாகாண சபையின் மேற்பார்வையில் வருகின்றன. பிரதேச சபை அவற்றில் ஒன்று.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகளுக்கு வதிவிடச் சான்றிதழ் வேண்டும் என்றால் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டும். அவர் வாக்காளர் இடாப்பைப் பார்த்து உறுதிசெய்து எழுதித் தருவார். பிறகு பிரதேச செயலகத்தில் மேலொப்பம் பெற வேண்டும். அரச காணிக்கான அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழின் பிரதி ஆகியவற்றுக்கும் பிரதேச செயலகமே. அதே குடும்பம் வீடு கட்டப்போகிறது என்றால் வரைபடத்துக்கு அனுமதி தருவது பிரதேச சபை. குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, உள்ளூர்ப் பாதை எல்லாம் அதன் பொறுப்பு.

குறை சொல்ல வேண்டிய இடமும் இதனால் மாறுகிறது. பிரதேச செயலகத்தில் வேலை இழுபட்டால் மாத்தளை கச்சேரிக்கு எழுதலாம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் உங்கள் வட்டார உறுப்பினரைக் கேட்கலாம். 2025 மே மாதம் வாக்களித்து அனுப்பியது நீங்கள்தான்.

இடையில் ஒரு படி மட்டும் காலியாக இருக்கிறது. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். அதன் காலம் 2018இல் முடிந்தது. அதன்பின் மாகாண நிர்வாகம் ஆளுநரின் கையில் இருக்கிறது. யட்டவத்த மக்கள் தங்கள் பிரதேச சபையைத் தெரிவு செய்ய முடிகிறது, அதற்கு மேலிருக்கும் மாகாண சபையைத் தெரிவு செய்ய முடிவதில்லை. அந்தத் தேர்தலை நடத்துவதே இந்த அமைப்பை முழுமையாக்கும்.