பங்காளியா, வெறும் சாயலா?

நம் ஊரில் இரண்டு குடும்பங்கள் பங்காளிகள் என்றால், ஏதோ ஒரு தலைமுறையில் இருவருக்கும் ஒரே பாட்டன் என்று அர்த்தம். "இவர்கள் 43 சதவீதம் பங்காளி" என்று யாரும் சொல்வதில்லை. ஒன்று பங்காளி, இல்லையென்றால் இல்லை. புரதங்களுக்கு இடையே உயிரியலார் தேடும் உறவும் இதுதான். இரண்டு புரதங்கள் ஒரே மூதாதைப் புரதத்திலிருந்து கிளைத்தவையா என்பது கேள்வி. ஆனாலும் "60 சதவீத ஹோமோலஜி" என்று ஆய்வுக் கட்டுரைகளில்கூட எழுதுகிறார்கள். சதவீதம் சாயலுக்கு உண்டு, உறவுக்குக் கிடையாது. சாயலைப் பார்த்து உறவை எப்படித் தீர்மானிப்பது என்பதில்தான் பிளாஸ்ட் என்ற மென்பொருளின் சூட்சுமம் இருக்கிறது. 1990-இல் ஆல்ட்ஷூல், கிஷ், மில்லர், மயர்ஸ், லிப்மன் ஆகிய ஐவர் அதை வெளியிட்டார்கள்.

நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினையே எடுத்துக்கொள்வோம். அதில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகைச் சங்கிலிகள். ஆல்பாவில் 141 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 146. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஓர் எழுத்து கொடுத்து எழுதினால், இரண்டின் தொடக்கப் பகுதியிலும் இப்படி 16 எழுத்துகள் நேருக்கு நேர் நிற்கின்றன:

```
ஆல்பா   LSPADKTNVKAAWGKV
பீட்டா   LTPEEKSAVTALWGKV
```

எண்ணிப் பாருங்கள், 16-இல் 9 எழுத்து ஒன்றேதான். ஆனால் பிளாஸ்ட் ஒற்றுமையைத் தலை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் அட்டவணையிலிருந்து மதிப்பெண் போடுகிறது. வழக்கமாகப் பயன்படுவது பிளோசம்62. ஹெனிகாஃப் தம்பதி 1992-இல் தயாரித்தது. உறவு உறுதியான புரதங்களை வரிசையாக அடுக்கி, எந்த எழுத்துக்கு எதிரே எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது, தற்செயலாக வந்திருந்தால் எத்தனை முறை வந்திருக்கும் என்று ஒப்பிட்டு அதைச் செய்தார்கள்.

அதனால் W-க்கு எதிரே W வந்தால் 11 மதிப்பெண். டிரிப்டோபேன் என்ற அந்த அமினோ அமிலம் அபூர்வம்; பரிணாமத்தில் இடம் மாறுவதும் அபூர்வம். L-க்கு எதிரே L வந்தால் வெறும் 4தான், ஏனென்றால் லூசின் எங்கும் மலிந்து கிடக்கிறது. D-க்கு எதிரே E நிற்பது ஒற்றுமை இல்லை. ஆனால் இரண்டும் ஒரே குணமுள்ள அமிலங்கள், ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தால் புரதம் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அதற்கு 2 கிடைக்கிறது. N-க்கு எதிரே A நின்றால் 2 கழியும். ஒரு வரிசையில் இடைவெளி விட்டால்தான் மற்றதோடு பொருந்தும் என்றால் அபராதம் இன்னும் கடுமை: வழக்கமான அமைப்பில் ஓர் எழுத்து இடைவெளிக்கு 12 போய்விடும்.

மேலே உள்ள 16 ஜோடிகளையும் கூட்டினால் 49 வரும். அட்டவணைக்கு அட்டவணை மதிப்பெண்ணின் அளவுகோல் மாறும் என்பதால், பிளாஸ்ட் அதைப் பொது நாணயம் போன்ற பிட் என்ற அலகுக்கு மாற்றுகிறது. நம் 49, சுமார் 23.5 பிட் ஆகிறது.

இனிதான் முக்கியமான கேள்வி. 23.5 பிட் பெரிதா, சிறிதா? சும்மா தற்செயலாகவே இவ்வளவு மதிப்பெண் கிடைத்துவிடுமா? அதற்கான பதில்தான் இ மதிப்பு. உறவே இல்லாத வரிசைகளால் ஆன, இதே அளவுள்ள ஒரு குவியலில் தேடினாலும், இந்த மதிப்பெண்ணோ இதற்கு மேலோ தற்செயலாக எத்தனை முறை கிடைக்கும் என்பதே அது. கணக்கு சுருக்கமானது:

```
E = m × n ÷ 2^S
```

m நம் வரிசையின் நீளம், n தேடும் தரவுத்தளத்தின் மொத்த எழுத்துகள், S பிட் மதிப்பெண். கணக்கு எளிதாக இருக்க நம் வரிசையை 150 எழுத்து என்று வைப்போம். சுவிஸ்-ப்ராட் தரவுத்தளத்தில் சுமார் 20 கோடி எழுத்துகள் உள்ளன. பெருக்கினால் 3,000 கோடி. அதை 2-இன் 23.5ஆம் அடுக்கால், அதாவது சுமார் 1.2 கோடியால் வகுத்தால் 2,500.

பாதிக்கு மேல் ஒத்துப்போகும் அந்த 16 எழுத்துகளைப் போன்ற பொருத்தம் வெறும் குருட்டாம்போக்கில் 2,500 முறை கிடைக்கும் என்கிறது கணக்கு. அந்தத் துண்டு மட்டும் நம் கையில் இருந்தால், உறவைப் பற்றி வாயே திறக்க முடியாது. முழு நீளத்தையும் பொருத்தும்போது ஒற்றுமை 43 சதவீதம் அளவுக்கு இறங்குகிறது. ஆனால் மதிப்பெண் நூறு பிட்டைத் தாண்டிவிடுகிறது. நூறு பிட்டுக்கே இ மதிப்பு 2e-20 அளவில் நிற்கும். திரையில் இப்படித்தான் தெரியும். புள்ளிக்குப் பின் 19 சுழியம் போட்டு 2 என்று பொருள். இது தற்செயல் என்று வாதிட வழியில்லை. ஆல்பாவும் பீட்டாவும் பங்காளிகள்தான்.

இ மதிப்பு இரண்டு புரதங்களை மட்டும் பொறுத்ததல்ல, தேடிய இடத்தையும் பொறுத்தது. 40 பிட் பொருத்தம் ஒன்றுக்கு சுவிஸ்-ப்ராட்டில் 0.027 வரும். ஐந்நூறு மடங்கு பெரிய தரவுத்தளத்தில் அதே பொருத்தத்துக்கு 13க்கு மேல் போய்விடும். இரண்டே வரிசைகளை மட்டும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் ஐந்து கோடியில் ஒன்று என்று காட்டும். புரதமும் மாறவில்லை, மதிப்பெண்ணும் மாறவில்லை. ஆகவே பெரிய தளத்தில் தேடிக் கிடைத்த ஒன்றைத் தனியே எடுத்து, இருவரை மட்டும் ஒப்பிட்டு வந்த எண்ணை ஆதாரமாகக் காட்டுவது கள்ளக் கணக்கு. புரதத் தேடலில் 0.001-க்குக் கீழே இருந்தால் நம்பலாம் என்பது நடைமுறை. அதிலும் 20,000 புரதங்களை ஒவ்வொன்றாகத் தேடினால், இந்த எல்லைக்குள்ளேயே இருபது போலி உறவுகள் நுழைய வாய்ப்புண்டு.

எண் சிறியதாக இருந்தும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. சில புரதங்களில் ஒரே எழுத்து QQQQQQ என்று நீண்டுகொண்டே போகும். இரண்டு புரதங்களில் அப்படி ஒரு பகுதி இருந்தால், உறவு இல்லாமலே மதிப்பெண் குவியும். இந்தக் கணக்கு எழுத்துகள் சராசரியாகக் கலந்து கிடக்கின்றன என்று நம்புவதுதான் காரணம். பிளாஸ்டில் அத்தகைய பகுதிகளை மறைக்கவும், எழுத்து விகிதத்துக்கு ஏற்பத் திருத்தவும் வசதி உண்டு. அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால், உங்கள் வரிசையின் எழுத்துகளைச் சீட்டுக்கட்டு போலக் குலுக்கிவிட்டு மறுபடி தேடுங்கள். குலுக்கிய வரிசைக்கு வரும் முதல் பொருத்தத்தின் இ மதிப்பு 1-ஐ ஒட்டி இருப்பதுதான் இயல்பு. அதற்கும் 1e-6 போல வந்தால், முதலில் வந்த எண்ணை நம்ப வேண்டாம்.

பெரிய இ மதிப்புக்கு வருவோம். உளுந்து, நிலக்கடலை வேர்களைப் பிடுங்கிப் பார்த்தால் சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறத்தைக் கொடுப்பது லெக்ஹீமோகுளோபின், பயறுவகைச் செடிகளின் ஹீமோகுளோபின். நம்முடையதோடு எழுத்து ஒற்றுமை 20 சதவீதத்தைக்கூடத் தொடாது. இருவரையும் சாதாரண பிளாஸ்ட் பெரும்பாலும் சேர்த்து வைப்பதில்லை. ஆனால் படிகமாக்கி, முப்பரிமாண வடிவத்தைப் பார்த்தபோது, அதே சுருள்கள் அதே வரிசையில் மடிந்து, நடுவே அதே ஹீமைப் பிடித்துக்கொண்டிருந்தன. நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பிரிந்திருந்தும் பங்காளிகள்தான். எழுத்துகள் மாறி மாறிச் சாயல் கரைந்துவிட்டது, அவ்வளவுதான்.

எனவே சிறிய இ மதிப்பு உறவுக்குச் சாட்சி சொல்லும். பெரிய இ மதிப்பு உறவின்மைக்குச் சாட்சி சொல்லாது. திரையில் பொருத்தம் எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தால், உறவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். "இந்த முறையில் தெரியவில்லை" என்று மட்டும் எழுதுங்கள்.